டைமர் ஓடும் திரையிலிருந்து ஒரு கேள்வி: பதில் சொல்லும் முன் ஆசிரியர் என்ன செய்வது?

மடிக்கணினித் திரையைக் கைபேசியில் பிடித்த படம். கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, திரை முழுக்க அலையலையாய்க் கோடுகள். நடுவில் ஒரு கணக்கு, மேல் மூலையில் பின்னோக்கி ஓடும் கடிகாரம். படத்துக்குக் கீழே ஒரே வரி: "சார், ஆன்சர் மட்டும் போதும், சீக்கிரம்."

இணையத்தில் மாணவர்களின் சந்தேகங்களைத் தீர்த்துவைக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு படம் வராத மாதம் இருக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கணக்கை மட்டும்தான் பார்ப்பேன். ஒருமுறை ஐந்து கேள்விகளுக்கு வரிசையாக விடை சொல்லி முடித்து, ஆறாவது படத்தின் ஓரத்தில் `Finish attempt` என்ற சொற்களைப் பார்த்த பிறகுதான் நான் செய்துகொண்டிருந்தது என்னவென்று உறைத்தது. அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு முறையை வைத்துக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடலாம். படத்தை மட்டும் பார்த்து, இது மதிப்பெண் உள்ள தேர்வா அல்லது வீட்டில் போட்டுப் பார்க்கும் பயிற்சியா என்று உறுதியாகச் சொல்வது பெரும்பாலும் நடக்காது. ஆனால் டைமர் ஓடுகிற எதுவும் ஒரு நேரத்தில் நின்றுவிடும். எனவே முடிவை நம் ஊகத்திடம் விடாமல் நேரத்திடம் விடலாம். கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

படி 1: கணக்குக்கு முன்னால் ஓரங்கள்

படம் வந்ததும் அரை நிமிடம் கணக்கைத் தொடாதீர்கள். நமக்கு இதுதான் கஷ்டம். கணக்கைப் பார்த்தால் மனம் தானாகவே போட ஆரம்பித்துவிடும், பாதி போட்ட பிறகு நிறுத்த மனசு வராது. அதனால் கண்ணை நேராகப் படத்தின் நான்கு ஓரங்களுக்குக் கொண்டுபோங்கள்.

திரையைப் பிடித்த படமென்றால், ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் ஏன் கைபேசியில் பிடித்திருக்கிறார் என்று யோசியுங்கள். தேர்வுக்கான பூட்டிய உலாவிகள் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுப்பது வழக்கம், அதனால் இது கவனிக்க வேண்டிய குறிதான். ஆனால் கணினியில் எந்த விசையை அழுத்தினால் படம் கிடைக்கும் என்று தெரியாத பிள்ளைகளும் நிறைய இருக்கிறார்கள். குறி என்ற அளவோடு அது நிற்கட்டும்.

அடுத்து, கேள்வியைச் சுற்றியுள்ள பொத்தான்கள். பல கல்வி நிறுவனங்கள் பயன்படுத்தும் மூடுல் தளத்தை எடுத்துக்கொள்வோம். `Time left` என்று தெரிந்தால் நேர வரம்பு உண்டு என்று பொருள். கேள்விக்குக் கீழே `Check` என்ற பொத்தான் இருந்தால், ஒவ்வொரு விடையையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளும்படி ஆசிரியர் அமைத்திருக்கிறார், அது பெரும்பாலும் பயிற்சி. `Check` இல்லாமல் `Next page` மட்டும் இருந்தால் எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் விடை தெரியும். தேர்வுகள் அப்படித்தான் அமையும், ஆனால் சில வீட்டுப்பாடங்களும் அப்படியே அமைவதுண்டு.

காகிதத்தைப் பிடித்த படமென்றால் பார்க்க வேண்டியவை வேறு. பதிவு எண் கட்டங்கள் நிரப்பப்பட்டிருக்கின்றனவா? கண்காணிப்பாளர் கையெழுத்துக்கான இடம் இருக்கிறதா? மேசைக்கு அடியிலிருந்து பிடித்தது போலத் தாள் கோணலாக, பாதி நிழலில் கிடக்கிறதா? தாளில் அச்சாகியிருக்கும் தேதி இன்றைய தேதியா? இவற்றில் மிகக் கனமானது கடைசிக் கேள்வி. பழைய ஆண்டு அச்சாகியிருந்தாலோ, அடியில் ஏதாவது இணையதள முகவரி தெரிந்தாலோ அது இறக்கி எடுத்த பழைய வினாத்தாளாகத்தான் இருக்கும், தயங்காமல் உதவலாம்.

படி 2: தேர்வின் தோற்றமும் நடக்கும் தேர்வும் ஒன்றல்ல

இந்த இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். மதிப்பெண் அடைப்புக்குறி, 'பகுதி ஆ', கேள்வி எண், டைமர் இவையெல்லாம் தேர்வின் தோற்றங்கள். பயிற்சி என்பதே அந்தத் தோற்றத்தை நகலெடுப்பதுதான். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு நடத்தப்படும் புளூபுக் செயலியில் முழுநீளப் பயிற்சித் தேர்வுகளும் இருக்கின்றன, டைமர் உட்பட ஏறக்குறைய அதே திரையில். உண்மைத் தேர்வைப் போலவே தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நாம் தேட வேண்டியவை மூன்று. இது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதா? இதன் மதிப்பெண் எங்காவது கணக்கில் சேருமா? வெளியுதவி தடுக்கப்பட்டிருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் அது நாம் தொடக்கூடாத தேர்வு. முதலாவதை மட்டும் பல நேரம் நாமே கண்டுபிடித்துவிடலாம். மற்ற இரண்டையும் மாணவரிடம்தான் கேட்க வேண்டும்.

படி 3: இரண்டு படங்கள், ஒரு கழித்தல்

முதலாவதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதை ஒரு மாணவரின் கதையோடு சொல்கிறேன். மேலே சொன்ன 'சீக்கிரம்' படம் எனக்கு 7.12க்கு வந்தது. கேள்வி இது: f(x) = x³ − 6x² + 9x + 1 என்ற சார்புக்கு [0, 5] இடைவெளியில் பெரும மதிப்பு என்ன? மூலையில் `Time left 0:23:41`. ஓரங்களைப் பார்த்துவிட்டு நான் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போதே 7.16க்கு அடுத்த கேள்வியின் படம் வந்து விழுந்தது. அதில் `Time left 0:20:08`.

கழித்துப் பாருங்கள். டைமரில் குறைந்தது 3 நிமிடம் 33 வினாடி. செய்திகளுக்கு இடையே 4 நிமிடம். செய்தி நேரத்தில் வினாடி தெரியாததால் ஒரு நிமிடம் முன்பின் இருக்கலாம், ஆக இரண்டும் பொருந்துகின்றன. டைமர் இந்த நொடியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நேற்று எழுதிய தேர்வின் படங்களைச் சேமித்துவைத்து இன்று அனுப்பியிருந்தால் இரண்டு வித்தியாசங்களும் இப்படி ஒத்துப்போவது அரிது. மூன்று படங்களைச் சேர்ந்தாற்போல் அனுப்பி, டைமரில் மட்டும் பத்துப் பத்து நிமிடம் இடைவெளி தெரிந்தால் அது முன்பே எடுத்துவைத்ததுதான்.

ஒரே படம்தான் இருக்கிறது என்றால் கணினியின் மூலையில் தெரியும் கடிகாரத்தைச் செய்தி வந்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். மாணவர் வேறு நேர மண்டலத்தில் இருந்தால் மணி மாறும், நிமிடம் பெரும்பாலும் மாறாது. அரை மணி, முக்கால் மணி வித்தியாசமுள்ள மண்டலங்களும் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படக்கோப்புக்குள் பதிவாகும் எடுத்த நேரத்தை நம்பிப் பயனில்லை. செய்திச் செயலிகள் அனுப்பும்போதே அதைப் பெரும்பாலும் நீக்கிவிடுகின்றன.

இந்தக் கழித்தல் 'இப்போது ஓடுகிறது' என்பதை மட்டுமே சொல்லும். ஓடுவது பயிற்சித் தேர்வாகவும் இருக்கலாம். அதனால் அடுத்தது கேள்வி.

படி 4: குற்றம் சாட்டாத ஒரு கேள்வி

"எக்ஸாம் எழுதிட்டே அனுப்புறீங்களா?" என்று கேட்டால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். தேர்வெழுதும் மாணவர் பொய் சொல்வார், பயிற்சி செய்யும் மாணவர் காயப்படுவார். இரண்டிலும் நமக்கு எதுவும் தெரிய வராது. நான் அனுப்பியது இது:

"படம் கிடைச்சது. இது எதுக்கான கேள்வி? டைமர் ஓடுற மாதிரி தெரியுது. இதுக்கு மார்க் சேருமா, வெளியில கேட்டுக்கலாம்னு சொல்லியிருக்காங்களா?"

கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். புத்தகம் பார்க்கலாம், நண்பர்களோடு பேசலாம் என்று ஆசிரியரே சொன்ன தேர்வுகளும் உண்டு. புத்தகம் பார்க்கலாம் என்றதும் ஆளைக் கேட்கலாம் என்று தானாகவே பொருளாகாது, பல மாணவர்கள் குழம்புவது இங்கேதான். நேர்மையாகக் குழம்புகிறவருக்கு இந்தக் கேள்வியே போதும், "ஓ, அது கூடாதா சார்" என்று நிறுத்திக்கொள்வார்.

நம்ம ஆள் சொன்னது: "பிராக்டிஸ் டெஸ்ட்தான் சார். ஆன்சர் சொல்லுங்க ப்ளீஸ்."

படி 5: டைமர் முடியட்டும்

இப்போது நம்புவதா, நம்பாமல் விடுவதா? நான் இரண்டையும் செய்வதில்லை. நான் அனுப்பிய செய்தி:

"சரி. டைமர்ல இன்னும் 20 நிமிஷம் இருக்கு. உங்களால முடிஞ்சதைப் போடுங்க. முடிஞ்சதும் ரிசல்ட் பக்கத்தோட படம் அனுப்புங்க, இந்தக் கணக்கை மட்டும் இல்ல, தப்பானது எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துடலாம். அதுவரைக்கும் இதுல இருக்கிற எந்தக் கேள்வியைப் பத்தியும் நான் எதுவும் சொல்ல முடியாது."

நடப்பது உண்மைத் தேர்வென்று வைத்துக்கொள்வோம். நாம் விடை சொன்னால் திரும்பப் பெற முடியாத ஒன்று நடந்துவிடும். பிடிபட்டால் அவருடைய தேர்வே ரத்தாகலாம், பிடிபடாவிட்டால் அவரோடு சேர்ந்து எழுதும் மற்றவர்களுக்கு அநியாயம். நடப்பது பயிற்சியென்று வைத்துக்கொண்டால், காத்திருப்பதால் அவர் இழப்பது 20 நிமிடம். நடுவில் விடை வாங்கிய பயிற்சித் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து அவரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. பொய் சொல்கிறாரா என்று நாம் தீர்மானிக்கவே தேவையில்லை என்பதுதான் இந்த வழியில் எனக்குப் பிடித்தது. இரண்டு நிலைகளுக்கும் பதில் ஒன்றே.

சக ஆசிரியர்களோடு நான் அடிக்கடி மோதும் இடமும் இதுதான். "விடை சொல்லல, எண்ணை மாத்தி இதே மாதிரி ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டினேன்" என்பார்கள். வீட்டுப்பாடத்துக்கு அது மிக நல்ல முறை. ஓடும் தேர்வில் அது விடை சொன்னதற்குச் சமம். x³ − 9x² + 24x + 2 என்ற சார்புக்கு ஓர் இடைவெளியில் பெரும மதிப்பு காண்பதைப் படிப்படியாகக் காட்டிவிட்டால் மாணவர் எண்ணை மாற்றினால் போதும். "இடைவெளியின் ஓரங்களையும் பாருங்க" என்ற ஒற்றை வரிக் குறிப்புகூட இந்தக் கணக்கில் முழு விடைதான், ஏனென்று கீழே தெரியும். சூத்திரத்தை நினைவூட்டுவதும், 'ஆமா, சரிதான்' என்று விடையைச் சரிபார்த்துச் சொல்வதும் அப்படியே. ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால், பாடம் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

தேர்வு நடக்கும்போது கேள்வியில் படம் வரவில்லை, திரை உறைந்துவிட்டது, பதற்றத்தில் கை நடுங்குகிறது என்று ஒருவர் எழுதினால் அது வேறு விஷயம். கேள்விக்குள் போகாமல், உடனே கண்காணிப்பாளரிடமோ தேர்வு நடத்தும் நிறுவனத்தின் உதவி எண்ணிலோ சொல்லச் சொல்லுங்கள், உறைந்த திரையைப் படம் பிடித்துவைக்கச் சொல்லுங்கள். "எனக்கு உதவியாளர் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு" என்று சிலர் சொல்வார்கள். மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு அப்படி அனுமதி கிடைப்பது உண்மைதான், ஆனால் அந்த உதவியாளர் நிறுவனம் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டவராக இருக்க வேண்டும். அது நாமாக இருக்க வாய்ப்பில்லை.

படி 6: டைமர் முடிந்தது. தேர்வு முடிந்ததா?

இந்தப் படியை நான் மிகத் தாமதமாகத்தான் கற்றேன். ஒருவருக்கு 30 நிமிடம் முடிந்துவிட்டால் தேர்வே முடிந்துவிட்டது என்றாகாது. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கி எழுதலாம் என்று தேர்வைத் திறந்துவைக்கும் ஆசிரியர்கள் உண்டு. ஏழரைக்கு முடித்த மாணவருக்கு நாம் விடையை விளக்கினால், எட்டு மணிக்கு எழுதப்போகும் அவருடைய நண்பருக்கு அது போய்ச் சேரும். பல நாடுகளில் ஒரே பாடத்திட்டமாக நடத்தப்படும் இன்டர்நேஷனல் பேக்கலோரியட், சுருக்கமாக ஐபி, தேர்வுகளில் 2024 மே மாதம் இதன் பெரிய வடிவம் நடந்தது. ஒரு நேர மண்டலத்தில் எழுதி முடித்த மாணவர்களில் சிலர், வேறு மண்டலங்களில் இன்னும் எழுதாதவர்களுக்குத் தெரியும்படி கேள்விகளை இணையத்தில் பகிர்ந்தார்கள். பகிர்ந்தவர்களின் தேர்வு அப்போது முடிந்திருந்தது.

ஆகவே டைமர் முடிந்ததும் கேட்க வேண்டியது ரிசல்ட் பக்கம். மூடுலில் விடைகளை எப்போது காட்ட வேண்டும் என்பதை ஆசிரியர் தனித்தனியாக அமைக்கலாம்: முடித்த உடனே, தேர்வு திறந்திருக்கும்போதே பிறகு, அல்லது தேர்வு மூடிய பின். திரும்பிவந்த பக்கத்தில் `The correct answer is` என்ற வரி தெரிந்தால் ஆசிரியரே விடையைத் திறந்துவிட்டார், நாம் விளக்கலாம். விடையில்லாமல் `Finished` என்று மட்டும் இருந்தால், அந்தத் தேர்வின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே `Closes` என்பதற்கு எதிரே தேதியும் நேரமும் இருக்கும். `Attempts allowed: 1` என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே முறைதான் எழுதலாம் என்பது பயிற்சிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பலமுறை எழுதலாம், அதிக மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம் என்று இருந்தால் மனதை இலகுவாக்கிக்கொள்ளலாம்.

காகிதத் தேர்வுக்கு இப்படி ஒரு பக்கம் கிடையாது. தாளில் இன்றைய தேதி இருந்தால் நான் மறுநாள்தான் பேசுவேன். கொஞ்சம் கூடுதல் கண்டிப்பு என்று சிலர் சொல்கிறார்கள், இருக்கட்டும்.

நம்ம மாணவர் 7.45க்கு ரிசல்ட் பக்கத்தோடு வந்தார். அவர் போட்ட விடை 5. அதன் கீழே சரியான விடை 21 என்று தெளிவாக இருந்தது. ஆக ஆசிரியரே விடையைத் திறந்துவிட்டார், இனி பேசலாம். பிறகு போட்டுப் பார்த்தோம். வகைக்கெழு 3x² − 12x + 9, அதாவது 3(x − 1)(x − 3). பூச்சியமாகும் இடங்கள் 1, 3. அங்கே f(1) = 5, f(3) = 1. இரண்டில் பெரியது 5 என்று நிறுத்திவிட்டார். இடைவெளியின் ஓரங்களைப் பார்க்கவில்லை: f(0) = 1, f(5) = 125 − 150 + 45 + 1 = 21. நான் 7.12க்கே '21' என்று தட்டியிருந்தால் இந்தத் தவறு அவரிடம் இருப்பதே எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்காது.

படி 7: படத்தை என்ன செய்வது

சந்தேகம் வந்தவுடன் பலர் செய்வது, படத்தை ஆசிரியர் குழுவில் போட்டு "இது எக்ஸாம் மாதிரி இருக்கா?" என்று கேட்பது. அதைச் செய்யாதீர்கள். அது உண்மையிலேயே ஓடும் தேர்வென்றால் கேள்வியை இன்னும் பத்துப் பேருக்குப் பரப்பியது நீங்கள்தான். குழுவில் யாராவது பழக்கதோஷத்தில் விடையையும் போட்டுவிடுவார். கேட்கத்தான் வேண்டுமென்றால் கேள்வியை வெட்டிவிட்டு ஓரங்களை மட்டும் காட்டுங்கள். கேள்வித் தொகுப்பில் சேமிக்கவும் வேண்டாம்.

ஆனால் உரையாடலை அழித்துவிடாதீர்கள். செய்தி வந்த நேரம், நீங்கள் கேட்டது, அவர் சொன்னது, நீங்கள் விடை சொல்லாதது எல்லாம் பதிவில் இருக்கட்டும். பின்னாளில் ஒரு கல்வி நிறுவனம் விசாரித்தால் முதலில் கேட்பது எத்தனை மணிக்குக் கேள்வி வந்தது, எத்தனை மணிக்குப் பதில் போனது என்பதைத்தான். மாணவர்களின் கேள்விகளுக்கு இணையத்தில் விடை தரும் அமெரிக்க நிறுவனமான செக் இப்படிப்பட்ட விசாரணைகளுக்குப் பதிவு நேரங்களைக் கொடுத்திருக்கிறது. 2021இல், பேராசிரியர்கள் தேர்வுக் கேள்விகளை முன்கூட்டியே கொடுத்து, தேர்வு நேரத்தில் அவற்றுக்குப் பதில் போகாமல் தடுக்கும் ஏற்பாட்டையும் அது கொண்டுவந்தது.

மாணவரின் பள்ளியையோ கல்லூரியையோ நீங்களாகத் தேடிப்பிடித்துப் புகார் எழுதுவது நம் வேலை இல்லை. கையில் இருப்பது ஒரு சாய்ந்த படமும் ஒரு கழித்தலும்தான். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் இதற்கென்று பொறுப்பாளர் இருந்தால் அவரிடம் நடந்ததை மட்டும் சொல்லுங்கள், உங்கள் ஊகத்தைச் சேர்க்காதீர்கள்.

நாம் தவறாக மறுத்திருந்தால்

இது நடக்கும். `Check` பொத்தானைக் கவனிக்காமல் ஒரு பெண்ணை நாற்பது நிமிடம் காக்கவைத்திருக்கிறேன். அது வெறும் வீட்டுப்பாடம், டைமர் அந்தத் தளத்தின் வழக்கமான அலங்காரம். "நான்தான் சரியா பார்க்கலம்மா, காக்க வெச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க" என்று எழுதிவிட்டு அவருடைய நான்கு கணக்குகளையும் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன். முதல் செய்தியில் குற்றம் சாட்டியிருந்தால் இந்த மன்னிப்புக்கு அங்கே இடமே இருந்திருக்காது.

டைமர் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலே போகிறவர்களும் உண்டு. அவர்கள் தேர்வுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று முடிவுகட்டிப் பெயருக்கு எதிரே குறி போட்டுவைக்காதீர்கள். தூங்கப் போயிருக்கலாம், வேறு ஆசிரியரிடம் கேட்டிருக்கலாம். அடுத்த வாரம் அதே பெயரிலிருந்து ஒரு படம் வரும். அப்போதும் அரை நிமிடம் ஓரங்களைப் பாருங்கள், முதல் முறை பார்த்தது போலவே.